வெள்ளிக்கிழமை பத்தே முக்கால்

அரை நாள் லீவு கேட்பதற்காக பொன்னுரங்கம் மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். கச்சிராயபாளையத்திலிருந்து சிங்கப்பூர் வந்து ஏழு வருடமாகிறது. பதினான்கு மாடி வரை பயமில்லாமல் ஏறுவான். சூப்பர்வைசர் அறைக்கு இரண்டு படி ஏறுவதற்குத்தான் தைரியம் வராது. தவிர, உண்மையான காரணம் சொல்லி அவன் இதுவரை ஒரு லீவும் வாங்கியதில்லை. பழக்கதோஷம், அன்றும் நாக்கு தடம் மாறிவிட்டது.

"சார், வெள்ளிக்கிழம வயிறு வலிக்கும்போலக்கீது."

சூப்பர்வைசர் அரங்கநாதன் உளுந்தூர்பேட்டைக்காரர். வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னிக்கு செவ்வாக்கெழம. மூணு நாள் முன்னாடியே தகவல் சொல்லிட்டு வர்ற வயித்துவலிய இப்பதாம்ப்பா பாக்குறேன். இன்னா விஷயம்?"

பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான். பாஸ்போர்ட் புதுப்பிக்க, விண்ணப்ப மையத்தில் வாங்கிய நேரம்: வெள்ளி, பன்னிரண்டே கால். பாஸ்போர்ட் டிசம்பரில் முடிகிறது. ஒர்க் பெர்மிட் அதற்கு ஒரு மாதம் முன்னாடியே முடிகிறது. புது பாஸ்போர்ட் கைக்கு வராமல் கம்பெனியால் பெர்மிட்டை நீட்டிக்க முடியாது. நீட்டிக்காவிட்டால் விமானம் ஏறவேண்டியதுதான். ஊரில் போய் மறுபடி ஏஜெண்ட் வாசலில் முதலிலிருந்து நிற்கவேண்டும்.

"அன்னிக்கு ஒரு மணிக்கு கான்கிரீட் லாரி வருது," என்றார் அரங்கநாதன். "நீ வைப்ரேட்டர் புடிச்சு கலவைய இறுக்கலன்னா தூண் தேன்கூடு மாரி பொத்தலாயிடும். போன தடவ நீ இல்லாம ஊத்தி இன்னா ஆச்சு? ஒடைச்சுட்டு மறுபடி ஊத்துனோம். வேற நாள் கெடைக்காதா?"

"பாத்துட்டேன் சார். இதவுட்டா மூணு வாரம் கழிச்சுதான். அப்பறம் பாஸ்போர்ட் எப்ப வர்றது."

"அதே வெள்ளிக்கிழம காலையில எடுக்க வேண்டியதுதான?"

பொன்னுரங்கம் பூட்ஸ் நுனியைப் பார்த்தான். "பத்தே முக்கால் இருந்துச்சு சார். பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம்னு வூட்ல வேணான்னுட்டா."

மனைவி சந்தியா கச்சிராயபாளையத்திலிருந்து காலண்டர் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, பன்னிரண்டே காலுக்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தாள்.

அரங்கநாதன் வரைபடத்தை ஓரம் தள்ளினார். "அந்தக் காலண்டரு நம்ம கள்ளக்குறிச்சி சூரியனுக்குப் போட்டதுப்பா. அங்க ஆறு மணிக்கு உதிக்குது. இங்க?"

"ஏழு."

"அப்ப ராகுகாலமும் ஒரு மணி நேரம் தள்ளிப் போவுமா, போவாதா? பதினொன்னரைக்குத்தான் ஆரம்பம். நல்ல நேரத்த விட்டுட்டு, சரியா ராகுவோட மடியில போயி ஒக்காந்துக்கினு இருக்குற."

பொன்னுரங்கத்துக்கு இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது. போனில் மையத்தின் பக்கத்தைத் திறந்து, நேரம் மாற்றும் இடத்தைத் தொட்டான். வெள்ளிக்கிழமை முழுக்கச் சாம்பல் நிறம், ஒன்றைத் தவிர. பத்தே முக்கால், யாரும் தொடாமல் பச்சையாக உட்கார்ந்திருந்தது.

"எப்பிடி காலியா இருக்குது பாத்தியா?" என்று சிரித்தார் அரங்கநாதன். "நம்மாளுங்க அத்தினி பேரும் காலண்டர் பாத்துட்டு ஓடியிருப்பானுங்க. அமுக்குப்பா. பன்னெண்டரைக்கு இங்க வந்துரணும். லீவு பாரத்துல உண்மையான காரணத்த எழுது."

விரல் பட்டனுக்கு மேல் நின்றுவிட்டது. "வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கறேன் சார்."

அரங்கநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரும் கல்யாணமானவர்; கேளு என்று கையைக் காட்டினார்.

சந்தியா கரும்புக்காட்டு வரப்பிலிருந்து பேசினாள். கதை முழுதும் கேட்டாள்.

"இன்னாங்க, அங்க சூரியன் ஏழு மணிக்கு உதிக்குதுன்னு ஏழு வருசமா ஏன் எனக்குச் சொல்லல?"

"நீ கேக்கல."

"போன பொங்கலுக்கு நான் சொல்லி நீங்க அங்க குத்துவெளக்கு ஏத்துன நேரமும் தப்பா?"

"அது போவட்டும் சந்தியா. இப்ப இன்னா சொல்ற?"

"பதினொன்னரைக்குள்ள பாரத்த குடுத்துடுங்க. ஒரு நிமிசம் தாண்டக்கூடாது."

வெள்ளிக்கிழமை பழைய பாஸ்போர்ட், நகல்கள், வெள்ளைப் பின்னணிப் புகைப்படம் எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து மணிக்கே போய் உட்கார்ந்தான். டோக்கன் எண் வர பதினொன்று இருபது ஆனது. கவுண்டர் பெண் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, இவன் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு கையெழுத்து விட்டிருக்கீங்க," என்று அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவன் தன் பெயரை எழுதியதில்லை. ரசீது கையில் விழுந்தபோது பதினொன்று இருபத்தெட்டு. அதைப் போட்டோ எடுத்து சந்தியாவுக்கு அனுப்பினான். ரயிலில் நின்றபடியே அரங்கநாதனுக்கும் அனுப்பினான்.

"பாஸ்போர்ட் வந்ததும் ஆபீஸ்ல குடு, பெர்மிட்டுக்கு நான் சொல்லிக்கறேன்," என்று அவரிடமிருந்து பதில் வந்தது. "இப்ப சீக்கிரம் வா. லாரி கெளம்பிடுச்சு."