முறுக்கு ஆறும் கூலி

டாக்குரியாவில் முறுக்குக் கம்பெனி நடத்தும் அருணாசலம் யாரையும் லேசில் நம்ப மாட்டார். பூஜைப் பண்டிகை நெருங்கும்போது பொட்டலம் ஒட்டும் ஆள் நின்றுவிட்டான். புது ஆள் வர ஒரு மாதமாகும். அதுவரை தங்கள் வேலை முடிந்ததும் சாயங்காலம் அந்த வேலையையும் பார்ப்பதாகக் கம்பெனி ஆட்கள் முத்தையாவும் வீரபாண்டியனும் வந்து நின்றார்கள். பூஜைக்கு வீட்டில் துணி எடுக்க வேண்டும்.

"ஓவர்டைம்னா இரட்டைக் கூலி. எட்டு மணி வேலைக்குப் பதினாறு மணிக் காசா? டெம்பரரி ஆளுன்னா எட்டோட போச்சு. என்னைக் கேனையன்னு நெனச்சீங்களாடா?"

"ஒருநாள் பாருங்க மொதலாளி," என்றான் முத்தையா.

இழுத்தடிப்பார்கள், கையோடு பிடிக்கலாம் என்று அருணாசலம் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரத்தில் இருவரும் முடித்துவிட்டார்கள். பகலில் ஒட்டுகிறவன் ஒவ்வொரு ஈடு முறுக்கும் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் எல்லாம் ஆறித் தயாராக இருந்தது.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு மணி. இரட்டிச்சா ஆறு. டெம்பரரி ஆளைவிடக் கம்மிதான்," என்றாள் கணக்கெழுதும் ஜகதாம்பாள்.

அருணாசலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவிகளா! அப்ப இத்தனை வருஷமா முறுக்கு ஆறுறதுக்கா சம்பளம் குடுத்தேன்? சரி, சரி, இந்த மாசம் ஓவர்டைம் உங்களுக்குத்தான். ஆனா ஸ்டூலை எடுக்க மாட்டேன்!"