ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள்

என் வாய் ஊரறிந்த வாய். தப்பு என் பக்கம் இருந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கிப் பேசும். இந்தக் கதையில் தப்பு என் பக்கம்.

நான் துணி தைக்கிறவள். நாள் முழுக்க உட்கார்ந்த இடம். நோய் எதுவும் இல்லை, இடுப்புச் சதைதான். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் நியூட்ரிஷனிஸ்ட் பெண்ணிடம் ஒரு சாப்பாட்டுத் தாள் எழுதி வாங்கினேன். காலையில் வெறும் தேநீர், பதினொரு மணிக்குமேல் முதல் சாப்பாடு, தட்டில் பாதிக்குக் காய். இரண்டே மாதத்தில் என் உடுப்புகளை நானே பிடித்துத் தைத்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஏழு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை. டிப்போவின் வருடாந்திர உடல்தகுதிப் பரிசோதனைக்கு நான்கு மாதம் இருந்தபோது, அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஏழுக்குள் இருக்கவேண்டியது) ஒன்பதைத் தாண்டி நின்றது. “குறையலைன்னா ஸ்டியரிங்க மறந்துட வேண்டியதுதான்” என்றார் டிப்போ டாக்டர். எனக்கு நல்லது செய்த தாள் அவருக்கும் செய்யாதா? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, அவரையும் அதன்படி சாப்பிட வைத்தேன். என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

பத்தாம் நாள் அவருக்கு விடுமுறை. காலை பத்தரைக்குச் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. சர்க்கரை மீட்டரில் ஐம்பத்தாறு; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி கழித்து எண்பத்திரண்டு. ஒரு துண்டு ரொட்டி உள்ளே போனபிறகுதான் பேசினார்.

“நேத்து இதே நேரம் அறுபது பேரோட பாலத்து மேல இருந்தேன். நேத்தும் கை லேசா நடுங்குச்சு.”



மறுநாள் டிப்போவில் அவரே போய்ச் சொல்லிவிட்டார். வண்டியிலிருந்து இறக்கி, பாஸ் எழுதும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். இருபத்து நான்கு வருடம் வண்டி ஓட்டிய மனிதர், சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

தாளைக் கிழித்தெடுத்து நியூட்ரிஷனிஸ்ட்டிடம் சண்டைக்குப் போனேன். நான் கத்தி முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாக இருந்தாள்.

“அக்கா, இது யாருக்கு எழுதினது?”

“எனக்கு.”

“அவருக்குச் சர்க்கரைன்னு எங்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“கேட்டிருந்தாலும் அவருக்கு நான் எழுதியே இருக்க மாட்டேன். ஆரோக்கியமா இருக்கிறவங்க நல்லா சாப்பிட நான் வழி சொல்லலாம். நோயும் மாத்திரையும் வந்துட்டா, அதுக்குன்னே படிச்சு ஆஸ்பத்திரியில பயிற்சி எடுத்த டயட்டீஷியன்கிட்ட போகணும். அவங்க டாக்டரோட சேர்ந்து பார்ப்பாங்க. என் பேருக்குப் பக்கத்துல இருக்கிற நியூட்ரிஷனிஸ்ட்ங்கிற பட்டத்த நிறைய இடத்துல யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்கா. அதனால நானே சொல்லிடுறேன்.”

அவள் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

அவருக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் சீட்டு வாங்கி ஆஸ்பத்திரி டயட்டீஷியன் அம்மாவிடம் போனோம். அந்த அம்மா எடுத்த எடுப்பில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “முதல்ல மாத்திரை அட்டைய எடுங்க. அப்புறம் டூட்டி நேரம்.” அட்டையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“இது நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சர்க்கரைய இறக்கும். இதப் போட்டுட்டு பட்டினி கிடந்தா எப்படி?”

டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றினார். பிறகு அந்த அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டு, என் கண்ணில் படாத ஒன்றைத் தோண்டி எடுத்தார்: டிரிப் முடிந்தால் ஒரு டீ, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு நாளைக்கு ஆறு டீ. என் வீட்டுக்காரர் திருட்டு முழி முழித்தார். இருபது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திக்கொண்டு இதை மறைத்திருக்கிறார், கள்ளன்.

காலை டூட்டிக்கு ஒரு தாள், மாலை டூட்டிக்கு ஒரு தாள் என்று எழுதித் தந்தார்; இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எந்த வேளைக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு ரொட்டி, எவ்வளவு பருப்பு என்று அளவு. மீட்டர் காட்டியதெல்லாம் நோட்டில் ஏறவேண்டும். மூன்று வாரத்துக்கொருமுறை அந்த அம்மா நோட்டைப் பார்த்துத் தாளைத் திருத்தினார்.

பரிசோதனை நாளன்று டிப்போ டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சர்க்கரை ஒருமுறைகூட எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. சராசரி ஆறு புள்ளி எட்டு. கையெழுத்துப் போட்டு, “போய் வண்டிய எடுங்க” என்றார்.

முதல் டிரிப்பில் நானும் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். நாத்தனார் போன் செய்தார்.

“தம்பிக்குக் குணமாயிடுச்சாமே. எனக்கும் சர்க்கரைதான். அந்தத் தாள ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.”

“கேளுங்க அண்ணி, அடுத்தவர் தாளால நான் பட்டது போதும். உங்க மாத்திரை அட்டைய எடுத்துக்கிட்டு நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. வரலைன்னா இழுத்துட்டுப் போவேன்.”

போனை வைத்தேன். மணி பத்தரை. பஸ் நிறைய ஆள். வண்டி பாலத்தில் ஏறியது. அவர் கை ஸ்டியரிங்கின் மேல் ஆடாமல் அசையாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதையும் பஸ் முழுக்கக் கேட்கும்படிதான் அழுதேன்.