நாற்பத்தொன்றேகால் அடி

கோதாவரியில் வெள்ளம் ஏறும் நாட்களில், ஆற்றுத் தீவில் இருப்போர் கரையேற வேண்டுமா என்பதை நூகரத்தினத்தின் விரிதாள் சொல்லும். கிராமச் செயலகத்தில் கணினி வேலை பார்ப்பவள் அவள். மேல்புறத்து அளவை நிலையம் நீர்மட்டத்தை வெளியிடும் பக்கத்தை, மணிக்கொரு முறை தானாகத் திறந்து, எண்ணைப் பிரித்தெடுத்து, தாளின் அடியில் ஒரு வரி சேர்க்குமாறு நிரல் எழுதியிருந்தாள். வரியின் முதல் கட்டத்தில் நேரம், அடுத்ததில் அடி. பக்கம் திறக்காமல் நிரல் தோற்றால் அவளுக்கு மின்னஞ்சல் வரும். நாற்பத்தெட்டைத் தொட்டால் படகு கிளம்பும்.

அன்று காலையிலிருந்து நாற்பத்தொன்றேகால்.

படகோட்டி புல்லப்பாயிக்கு அவள் அண்ணி முறை; வதினா என்றுதான் கூப்பிடுவான். பதினொரு மணிக்கு அழைத்தான்.

"வதினா, உங்க தாளு என்ன சொல்லுது?"

"அதே நாப்பத்தொண்ணேகால்தான்."

"கோதாவரியம்மா சாப்பிட்டு உக்காந்துட்டாளா? இங்க துறையில நாலாவது படி காணோம்."

"காத்து அடிக்குதுப்பா, அலை ஏறியிருக்கும். ஏழு மணி நேரமா ஒரு அடிகூட ஏறல."

"சத்தி எருமையை விட்டுட்டு வரமாட்டேங்கறான். நாப்பத்தெட்டு ஆனாத்தான் வருவானாம். உங்களைத்தான் நம்புறான், என்னை எங்க நம்புறான்."

சத்தி அவன் தம்பி. தீவில் தனியாக இருந்தான்.

இரண்டு மணிக்குப் புல்லப்பாயி மீண்டும் அழைத்தான். இந்த முறை கேலி இல்லை.

"வதினா, கயிறு கட்டுற முளை முங்கிடுச்சு."

அவள் தாளைப் பார்த்தாள். இரண்டு மணிக்கான வரி சற்று முன்தான் விழுந்திருந்தது. தோல்வி மின்னஞ்சல் எதுவும் இல்லை. அன்று முதன்முறையாக அவள் நிலையத்தின் பக்கத்தையே நேரில் திறந்தாள். எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: கடைசிப் பதிவு, காலை நான்கு மணி.

நிலையத்துக் கருவி விடியுமுன் நின்றுபோயிருந்தது. பக்கம் மட்டும் பழைய எண்ணைத் தாங்கித் திறந்துகொண்டே இருந்ததால், நிரல் ஒரு முறையும் தோற்கவில்லை. நிலையம் அளந்த நேரத்தை எழுதாமல், நிரல் பக்கத்தைத் திறந்த நேரத்தையே அவள் வரியில் எழுத வைத்திருந்தாள்.

"கெளம்பு. இப்பவே கெளம்பு."

நான்கு மணிக்குப் படகு திரும்பியபோது அதில் எருமையின் கயிறு மட்டும் இருந்தது. மறுநாள் சத்தியின் உடலை ஆற்றில் மூன்று கல் தொலைவு கீழே எடுத்தார்கள்.

பத்தாம் நாள் புல்லப்பாயி செயலகத்துக்கு வந்து நின்றான். அவள் எழுந்தாள்.

"அந்தத் தாளைக் காட்டுங்க வதினா."

காட்டினாள். விடியற்காலை முதல் மதியம்வரை, ஒரே எண்ணோடு, ஒவ்வொரு வரியும் புது நேரத்தோடு நின்றது. அவன் விரலை வரி வரியாக இறக்கினான்.

"இதுல நாலு மணிதான் உண்மையா?"

"ஆமா."

"மத்த வரியெல்லாம் நம்பித்தான் அவன் அங்கேயே சோறு பொங்கிட்டு இருந்தான்."

அவள் நிரலைத் திறந்து, பக்கத்தில் உள்ள பதிவு நேரத்தையும் எடுக்கும்படி மாற்றினாள். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் வரி சேர்க்காமல் நிரல் தோற்றுவிடும்படி எழுதினாள். பழைய வரிகளை அழிக்கக் கை போனது.

"அழிக்காதீங்க," என்றான் அவன். "அடுத்த மழையில தாளை நம்புறதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும்."