ஞானசுந்தரி எழுதிய நேரம்

பிடித்தம் நாற்பத்தைந்தாயிரத்து அறுநூறு ரூபாய். ஒரகடத்துத் தொழிற்சாலை கடைசி இன்வாய்ஸுக்குப் பணம் அனுப்பியபோது அதைக் கழித்துக்கொண்டு அனுப்பியிருந்தது. காரணம் டெபிட் நோட்டில் இருந்தது. சரக்கு ஆறு நாள் தாமதம். நாளுக்கு ஒரு சதவீதம்.

ஜெயப்பிரியா அதை அச்செடுத்து வீராசாமியின் மேசையில் வைத்தாள். உத்திரமேரூருக்கு வெளியே அவருடைய பட்டறை. பெட்டிகளை அடுக்கித் தூக்குவதற்கான மரத் தட்டுகள் செய்கிறார்கள். பேலட் என்று சொல்வார்கள். பில், கடிதம், வங்கி எல்லாம் ஜெயப்பிரியாதான். ஐந்து வருடமாக.

"ஆறு நாளா?" என்றார் வீராசாமி.

"வியாழக்கிழமை போயிருக்கணும் சார். அன்னிக்கி கேட்ல உள்ள வுடல. வெள்ளியிலேர்ந்து செவ்வாய் வரைக்கும் அவங்க ஸ்டோர்ல ஸ்டாக் எண்ணிக்கினு இருந்தாங்க. புதன்கிழமைதான் எடுத்தாங்க."

"அதுக்கு நாம இன்னா பண்றது? பதில் எழுது."

அவள் ஆர்டரின் பின்பக்கத்து விதிகளைப் படித்தாள். மாலை ஒரு கடிதம் எழுதினாள். மொத்த ஆர்டர் எண்ணூறு பேலட். அறுநூறு நேரத்துக்கு வந்துவிட்டது. பதினோராவது விதிப்படி பிடித்தம் தாமதமான சரக்கின் மதிப்பில் மட்டும்தான். நீங்கள் மொத்த ஆர்டரின் மதிப்பில் பிடித்திருக்கிறீர்கள். ஐந்து நாள் உங்கள் ஸ்டோர் மூடியிருந்தது. அந்த நாட்கள் எங்கள் தாமதம் ஆகாது. எனவே ஒரு நாள், இருநூறு பேலட், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். மீதியைத் திருப்பித் தரவும்.

வீராசாமி படித்துவிட்டுக் காகிதத்தைத் தள்ளினார்.

"ஆயிரத்து தொள்ளாயிரம் குடுத்தா லேட்டுன்னு ஒத்துக்கினா மாதிரி ஆச்சே."

"லேட்டுதானே சார்."

"சப்ளையர் ரேட்டிங்ல கை வெப்பான்மா. அடுத்த ஆர்டரு செங்கல்பட்டுக்காரனுக்குப் பூடும். ஒரு நாள்கூட லேட் இல்லைன்னு எழுது."

லாரி ஏன் தாமதம் என்பது இருவருக்கும் தெரியும். அந்த வியாழக்கிழமை லோடு ஏற்றி முடிக்கும்போது மணி ஒன்றே கால். சரக்கோடு போக வேண்டிய அரசுச் சீட்டை, இ-வே பில்லை, அவள் ஒன்று பன்னிரண்டுக்கே கணினியில் எடுத்துவிட்டாள். தார்ப்பாய் கட்டிக் கயிறு இழுப்பதற்குள் ஒன்றரை ஆகிவிட்டது. ராகு காலம். வீராசாமி லாரியின் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டறை தொடங்கிய முதல் வருடம் ராகு காலத்தில் புறப்பட்ட ஒரு லோடு வாலாஜாபாத் தாண்டிக் கவிழ்ந்தது. அதிலிருந்து இப்படித்தான். மூன்று மணிக்குச் சாவியைக் கொடுத்தார். நான்கு மணிக்குமேல் அந்தத் தொழிற்சாலையில் சரக்கு எடுக்க மாட்டார்கள்.

"இ-வே பில்லுல இன்னா டைம் கீது?" என்றார்.

"ஒண்ணு பன்னெண்டு."

"அப்போ ரெண்டு நாப்பதுக்கு லாரி அங்க இருந்துச்சு. கேட்ல இருந்த ஆளு என்ட்ரி போடாம நிக்க வெச்சிட்டான். அவ்ளோதான்."

"ரிஜிஸ்டர்ல நாலு அம்பதுன்னு இருக்கு சார்."

"அதான் சொல்றேன். நாலு அம்பது வரைக்கும் நிக்க வெச்சிட்டான்."

டெபிட் நோட்டோடு கேட் ரிஜிஸ்டரின் நகல் இருந்தது. நேரத்துக்குப் பக்கத்தில் காவலரின் கையெழுத்து. ஞானசுந்தரி. தமிழில், சிறுபிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக. ஜெயப்பிரியா அதைப் பார்த்தாள். இரண்டாவது கடிதத்தை எழுதினாள்.

நன்றாக எழுதினாள். அது அவளுக்கே தெரிந்தது. இ-வே பில்லின் நேரம், தூரம், வழக்கமான பயண நேரம். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. டிரைவர் பெருமாளின் வாக்குமூலம் இணைப்பு மூன்று. அதையும் அவள்தான் எழுதினாள். பெருமாள் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். வாலாஜாபாத்தில் அவன் டீசல் போட்ட சீட்டு கோப்பில் இருந்தது. அதில் நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. அதை அவள் இணைக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. பிடித்த தொகை அடுத்த பட்டுவாடாவில் திருப்பித் தரப்படும். சம்பந்தப்பட்ட காவலர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

வீராசாமி எல்லோருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். காவலரை நீக்கிவிட்டார்கள் என்று கேட்ட பெருமாள் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எந்தக் காவலரு?" என்றான்.

"கேட்ல இருந்தவங்க," என்றாள் ஜெயப்பிரியா.

"அந்த அக்காவா? அது பாவம் பாப்பா. அன்னிக்கி தன் போன்லேர்ந்து ஸ்டோருக்கு மூணு வாட்டி அடிச்சிது. வண்டி வந்துகீது, எடுத்துக்கோங்கன்னு. அவுங்கதான் முடியாதுன்ட்டாங்க." அவன் போண்டாவைப் பார்த்தான். "நான் இன்னாத்துல கையெழுத்துப் போட்டேன்?"

அவள் வந்த பதிலைக் கோப்பில் வைத்து மூடினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஞானசுந்தரி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். வீராசாமி உள்ளே மரக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரகடம் கேட்ல இருந்தேன்மா. ஊரு மாகறல். உங்க கம்பெனி லெட்டராலதான் என்னைத் தூக்கிட்டாங்க."

ஜெயப்பிரியா எழுந்து நாற்காலியைக் காட்டினாள். ஞானசுந்தரி உட்காரவில்லை.

"நான் சண்டைக்கு வரல. வண்டி வந்தப்போ மணி நாலு அம்பது. வேற டைம் போட எனக்கு இன்னா வந்துச்சு? கேமரா பாருங்கன்னேன். ஒரு மாசம்தான் இருக்கும், அழிஞ்சிபோச்சுன்ட்டாங்க. உங்களாண்ட அந்த லெட்டரு இருக்கும்ல?"

"இருக்கு."

"இன்னா எழுதிக்கிதுன்னு எனக்கு யாரும் சொல்லல. என்னை வேலைக்கு அனுப்பின ஏஜென்சில கேட்டா, இங்கிலீஷ்ல கீது, உனக்குப் புரியாதுன்றாங்க. படிச்சி சொல்லு."

ஜெயப்பிரியா கோப்பை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். முதலாளியைக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். கடிதத்தைப் பிரித்து, மனதில் ஆங்கிலத்தைத் தமிழாக்கி, சத்தமாகச் சொன்னாள்.

"எங்கள் லாரி இரண்டு நாற்பதுக்கே உங்கள் வாயிலை அடைந்தது."

"இல்ல," என்றாள் ஞானசுந்தரி.

"உங்கள் காவலர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதைப் பதிவு செய்யாமல் நிறுத்திவைத்தார்."

"ம்."

"பிறகு, தாம் பார்த்த நேரத்தை எழுதாமல்…" ஜெயப்பிரியா நிறுத்தினாள்.

"சொல்லு."

"தமக்கு வசதியான நேரத்தை எழுதினார். இது அலட்சியம். இதில் வேறு உள்நோக்கம் இருந்ததா என்பதை நீங்களே விசாரிக்க வேண்டும்."

"உள்நோக்கம்னா?"

ஜெயப்பிரியாவுக்கு அந்த வார்த்தை எழுதும்போது பிடித்திருந்தது.

"காசு கேட்டாங்களான்னு."

வெளியே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் ஞானசுந்தரி கேட்டாள்.

"வக்கீல் எழுதினாரா?"

"இல்ல."

"உங்க மொதலாளிக்கு இவ்ளோ இங்கிலீஷ் வருமா?"

"நான்தான் எழுதினேன்."

ஞானசுந்தரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் ஜெயப்பிரியா அழுதிருப்பாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ தெரிஞ்சத எழுது. ஒக்காந்துக்கினு இருக்கேன்." இப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெயப்பிரியா எழுதினாள். அரைப் பக்கம்தான் வந்தது. அச்செடுத்து உள்ளே கொண்டுபோனாள். மரக்காரர் போயிருந்தார். வீராசாமி நின்றபடியே படித்தார்.

"இன்னா இது?"

"அந்தம்மா வெளிய இருக்காங்க சார்."

"இருந்தா? நான் பொய்யன்னு நானே சீல் போட்டுக் குடுக்கணுமா? ஆர்டர் பூடும். இருபது பேர் வூட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

"நானும் பொய்தான் சார் எழுதினேன்."

"வண்டி ரிப்பேர்னு எழுது. டயர் பஞ்சர்னு எழுது. அந்தம்மாவுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு."

"டீசல் சீட்டை இணைச்சிருக்கேன். பஞ்சர்னா பெருமாள் மறுபடியும் கையெழுத்துப் போடணும். போட மாட்டான்."

"ராகு காலம்னா எழுதிக்கிறே?" அவர் குரல் தாழ்ந்தது. "சிரிப்பாங்க ஜெயா. சூட்டுப் போட்டுக்கினு உக்காந்துகினு சிரிப்பாங்க."

"அத எழுதல. லாரி எங்கள் இடத்திலிருந்து மூன்று மணிக்குத்தான் புறப்பட்டது, காரணம் எங்களுடையதுன்னு எழுதியிருக்கேன்."

அவர் மறுபடி படித்தார். உங்கள் காவலர் எழுதிய நேரம் சரியானது. எங்கள் முந்தைய கடிதத்தையும் டிரைவரின் வாக்குமூலத்தையும் திரும்பப் பெறுகிறோம். பிடித்தம் குறித்து எங்கள் கோரிக்கை: பதினோராவது விதிப்படி, இருநூறு பேலட்டுக்கு, ஒரு நாளுக்கு மட்டும்.

"மொதல்ல எழுதினியே, அதுதானே இது?"

"ஆமா சார்."

அவர் பேனாவைத் தேடினார். சட்டைப் பையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். வெளியே வரவில்லை. பின்பக்கத்துக் கதவு வழியாக மரம் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

ஜெயப்பிரியா சீல் வைத்துக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினாள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நகலை நீட்டினாள்.

"இதுல அவரு கையெழுத்து மட்டும்தான் கீது," என்றாள் ஞானசுந்தரி.

"அவர்தான் போடணும்."

"ரிஜிஸ்டர்ல நான் எழுதினதுக்குக் கீழ என் பேரைப் போட்டேன். நீயும் போடு."

ஜெயப்பிரியா தன் பெயரை எழுதினாள். தமிழில். ஞானசுந்தரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகுதான் மடித்துப் பைக்குள் வைத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

மறுநாள் காலை தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவிலிருந்து சுகுமார் பேசினார். சத்தம் போடவில்லை.

"ரெண்டு லெட்டர் இருக்கு மேடம். ரெண்டுலயும் உங்க சீல் இருக்கு. நான் எதை நம்பறது?"

"ரெண்டாவது சார்."

"ஆயிரத்து தொள்ளாயிரம் ஓகே. விதி அப்படித்தான் சொல்லுது, எங்க அக்கவுண்ட்ஸ்தான் தப்பா போட்டிருக்காங்க. இதை மொதல்லயே எழுதியிருந்தீங்கன்னா அன்னிக்கே முடிச்சிருப்பேன்."

"அந்தம்மா…"

"ஏஜென்சிக்கு அனுப்பிட்டேன். திங்கள்லேர்ந்து வருவாங்க. நடுவுல வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் கெடையாதுன்றாங்க. இனிமே உங்க கம்பெனியிலேர்ந்து எந்த லெட்டர் வந்தாலும் கேட் ரிஜிஸ்டரோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார்."

அவர் வைத்துவிட்டார்.

அடுத்த லோடு வெள்ளிக்கிழமை போக வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. வீராசாமி காலை ஏழு மணிக்கே வந்து, தானே நின்று லோடு ஏற்றினார். ஒன்பதரைக்கு லாரி புறப்பட்டது. அதற்கு முன் வீராசாமி ஜெயப்பிரியாவின் மேசையைத் தாண்டித்தான் போனார். இ-வே பில்லை அவளிடம் கேட்கவில்லை. பெருமாளை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

ஞானசுந்தரியை நீக்கியதாகப் பதிலில் இருந்த தேதியிலிருந்து திங்கட்கிழமை வரை ஜெயப்பிரியா நாட்காட்டியில் எண்ணினாள். பத்தொன்பது நாள். ஒரு காவலருக்கு நாள் சம்பளம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.