பச்சைக் கட்டம்

பேச்சியம்மாள் தீபனுக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரத்து இருநூற்று அறுபது வெள்ளி. புருஷன் காரியத்துக்கு வாங்கிய கடனில் கழிந்தது போக நின்ற பாக்கி அது. சாஆ ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்க ஆள் வைத்திருக்கும் குத்தகைக்காரன் தீபன். மாதம் அறுபது வெள்ளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வான். வேலை இருக்கும்வரை கடன் கழியும், அடுப்பும் எரியும். ஆனால் அறுபது வயது தாண்டியவர்களை அவன் வைத்துக்கொள்வதில்லை.

ஐசி என்ற அடையாள அட்டையில் அவளுக்கு ஐம்பத்தொன்பது. உண்மையில் அறுபத்தாறு. பிறந்து ஏழு வருஷம் கழித்துத்தான் அப்பா பதியப் போனார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பதிந்த வருஷத்தையே பிறந்த வருஷமாக எழுதிவிட்டார். அந்தத் தப்புதான் இத்தனை நாள் அவளுக்குச் சோறு போட்டது.

அரசாங்கக் கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன அன்று நர்ஸ் மலர் மிஸ்ஸி ஒரு அட்டையை எடுத்து விரித்தாள். ஒரு பக்கம் வயது, இன்னொரு பக்கம் எடை, நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள்.

"ஆன்ட்டி, மாதவிலக்கு நின்னுபோச்சுன்னா எலும்பு உள்ளுக்குள்ள வேகமா தேயும். வலிக்காது, ஒண்ணும் தெரியாது. லேசா விழுந்தாலே முறிஞ்சுடும். முறியறதுக்கு முந்தியே பாத்துக்கிட்டா மருந்து இருக்கு. எடை அம்பத்தாறு. வயசு எவ்ளோ?"

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். இதே கிளினிக்குக்குத்தான் தீபனும் சர்க்கரைக்கு வருகிறான். பக்கத்தில் கூடப் பழம் பொறுக்கும் புஷ்பவள்ளி வேறு, காதைத் தீட்டிக்கொண்டு.

"ஐசில இருக்குல்ல. அம்பத்தொம்போது."

"எப்ப நின்னுச்சு?"

"ஒரு எட்டு வருஷம் இருக்கும்." நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது.

"முன்னாடி எங்கயாச்சும் முறிவு? உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் இல்ல லா." முன்பு கைக்கெட்டிய துணிக்கொடி இப்போது எட்டுவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

மிஸ்ஸியின் விரல் பச்சைக் கட்டத்தில் வந்து நின்றது. "பச்சைதான். இப்பத்திக்கு ஸ்கேன் வேணாம். மஞ்சளா இருந்தா டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஜேபி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்."

வெளியே வந்ததும் புஷ்பவள்ளி இடித்தாள். "பச்சையாம்ல. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கலாமா?"

"வாய மூடிக்கிட்டு நட. மூட்டை தூக்குற உடம்பு இது. எலும்பாவது தேயறதாவது."

நாலு மாதம் போயிற்று. மழை விட்ட ஒரு காலையில், மூட்டைகூட இல்லாமல் வெறுங்கையோடு நடந்தவள் காய்ந்த மட்டையில் கால் இடறிப் பக்கவாட்டில் விழுந்தாள். சின்னப் பிள்ளை விழுந்திருந்தால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும். அவளால் காலை அசைக்க முடியவில்லை. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. புஷ்பவள்ளி பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிகாமட் ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. இடுப்பில் ஆணி வைத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் பிரவீனா எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இடுப்பு முறிவு இதுதான். முதுகெலும்புல ரெண்டு இடம் எப்பவோ நசுங்கியிருக்கு, பாருங்க. அம்பத்தொம்போது வயசுல இப்படியா? உண்மைய சொல்லுங்கம்மா."

பேச்சியம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அறுபத்தாறு."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "அந்த வயசு போட்டிருந்தா மஞ்சள் கட்டம். ஸ்கேன் எடுத்து அடர்த்தி பாத்திருப்பாங்க. வாரம் ஒரு மாத்திரை. முறியவே முறியாதுன்னு சொல்ல மாட்டேன். முறியற வாய்ப்பு குறைஞ்சிருக்கும்."

"இனி நடப்பனா?"

"நடக்க வைக்கப் பாப்போம். பழைய மாதிரி நடக்கிறவங்க பாதிப் பேர்கூட இல்ல."

பேச்சியம்மாள் கட்டிலோரம் நின்ற புஷ்பவள்ளியின் கையைப் பிடித்தாள். அவளுக்கும் அதே கிராணி எழுதிய வயசுதான். "நீ போ. போய் மிஸ்ஸிகிட்ட உன் நிஜ வயச சொல்லு."

"வேலை போயிடுமே, அக்கா."

"மறைச்ச எனக்கு மட்டும் வேலை நிலைச்சுச்சா?"

புஷ்பவள்ளி கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் தீபன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். கக்கத்தில் இடுக்கியிருந்த வேலையாட்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கத்தைத் திறந்தான். மேலே அவள் பெயர், கீழே கழித்தது போக ஆயிரத்து இருபது.

"இது கெடக்கட்டும் ஆன்ட்டி. நீங்க குடுக்க வேணாம்."

"தடி ஊணி நடந்தாவது வந்து கழிச்சிருவேன், தம்பி."

அவன் பேனாவை எடுத்துத் தொகையின் மேல் ஒரு கோடு இழுத்தான். பிறகு, அதே கோடு மாதிரி, பெயரின் மேல் இன்னொன்று.