ஏழா, எட்டா?

ரயில் எண் பட்டியலைப் பிரித்ததும் அந்த எண் கண்ணில் பட்டது. ஏழு ஆண்டுகளாக அதன் மேல் ஒரு பென்சில் கோடு கிடக்கிறது.

"இது காலியாத்தானே இருக்கு? புது வண்டிக்கு இதையே போடுங்க" என்றார் புதிதாக வந்த அதிகாரி. "பேர் மேலேருந்து வந்தாச்சு. நம்பர் நாமதானே குடுக்கணும்?"

"விபத்துல போன நம்பர் சார்."

"நம்பருக்குப் பேய் பிடிக்குமாம்மா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது அரிச்சுவடி. போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் பெயர் ஒன்றுதான், எண்கள் மட்டும் அடுத்தடுத்தவை. விபத்துக்குள்ளான வண்டி எங்கள் ஊருடையது. ஆகவே இங்கிருந்து கிளம்புவது ஏழில் முடியும், திரும்பி வருவது எட்டில் முடியும். எதிர்முனைக்காரர்களின் வண்டி என்றால் தலைகீழ்.

ஏழு ஆண்டுக்கு முன், விபத்து நடந்த அன்று நான் எதிர்முனை வண்டி ஒன்றின் கோப்பில் மூழ்கிக் கிடந்தேன். தங்கை நடுவழிச் சந்திப்பிலிருந்து போன் செய்தாள். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தவள்.

"அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே பேர்ல வண்டி நிக்குது. பெட்டிப் பலகைல ரெண்டு நம்பருமே போட்டிருக்கான். நம்ம ஊருக்கு எது? ஏழா, எட்டா?"

"ஏழு. ஏறித் தொலை, எனக்கு வேலை கிடக்கு."

அரை மணியில் அந்த வண்டி தடம் புரண்டது. அவளுடைய பையும் டிக்கெட்டும் கிடைக்கவில்லை. ஊரை விட்டுப் போகும் வண்டியில் பிணமாகக் கிடைத்த மகளை அம்மா மன்னிக்கவே இல்லை. "என்னை வேணாம்னு ஓடிட்டா" என்று அவளது படத்தைப் துணிப் பெட்டிக்குள் அடியில் போட்டுவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்தால்கூட "ஏழா, எட்டா?" என்றே கேட்கும்.

புது அதிகாரி சொல்லிவிட்டுப் போன பிறகும் பென்சில் கோட்டை அழிக்கக் கை வரவில்லை. ரப்பரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கையிலிருந்த புடவையை அவள் கீழே வைக்கவில்லை.

"அப்ப அவ வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாளா?"

"ஆமாம்மா."

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். படத்தை முந்தானையால் துடைத்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நீ எட்டுன்னு சொல்லியிருந்தா?"

"வந்திருப்பாம்மா."