முன்னுரையின் கடைசிப் பக்கம்

வாய்மொழித் தேர்வு தொடங்க அரைமணி நேரம்கூட இல்லை. ஆய்வு மாணவி துறையின் வராந்தாவில், நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது கேட்டால் மூலநூலைக் காட்டலாம் என்றுதான் எடுத்து வந்திருந்தாள். இத்தனை வருடமும் அவள் படித்தது கணினியில் இருந்த நகலைத்தான்.

"ஏன்டி இப்படி நடுங்குற? நீ எழுதினதப் படிக்கிறதே நாலு பேரு. அதுல ரெண்டு பேரு சம்பளத்துக்குப் படிக்கிறவங்க" என்றாள் துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா.

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றது. நகலில் இல்லாத ஒரு பக்கம் இருந்தது. முன்னுரையின் கடைசிப் பக்கம். அதன் அடியில் ஒரு பெயர். நூலாசிரியரின் பெயர் அல்ல, அவளுடைய ஆய்வு நெறியாளரின் பெயர்.



அந்தப் புத்தகம் பஞ்சாலை வேலைநிறுத்தம் ஒன்றின் வரலாறு. எழுதிய அம்மையார் இப்போது உயிரோடு இல்லை. வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்களே பெண்கள்தான் என்று நூலுக்குள் சான்றுகளோடு நிறுவியிருந்தார். முன்னுரையிலோ, "பெண்கள் பின்னால் வந்தவர்களே" என்று ஒரு வரி. அணிந்துரை என்று தலைப்பிட்டிருந்தால் வேறொருவர் எழுதியது என்று தெரிந்திருக்கும். முன்னுரை என்று இருந்ததால் அவருடையது என்றே நம்பிவிட்டாள். 'தான் கண்டறிந்ததைத் தானே நம்பத் தயங்கியவர்' என்று அவரைக் குற்றம் சாட்டி மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் எழுதியிருந்தாள்.

நெறியாளர் கோப்போடு வந்தார். அவள் எழுந்து பக்கத்தைக் காட்டினாள்.

"சார், இது நீங்க எழுதினதா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் நகர்ந்தாள்.

"மூணாவது அத்தியாயத்தப் படிக்கும்போதே நீ ஆள மாத்திப் புரிஞ்சிக்கிட்டது தெரிஞ்சிது" என்றார் தாழ்ந்த குரலில். "புத்தகத்த முழுசாப் படிக்காம அவசரத்துல எழுதிக் குடுத்தது. அச்சான அன்னைக்கே அந்தம்மா என்கிட்ட பேச்ச நிறுத்திட்டாங்க."

"அப்ப ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு வாயத் திறக்காத. கேக்கலன்னா விட்டுடு. பட்டம் வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்" என்றபடி உள்ளே போய்விட்டார்.

தேர்வறையில் வெளித் தேர்வாளரான பேராசிரியை நடுவில் உட்கார்ந்திருந்தார். கறாரானவர் என்று பெயரெடுத்தவர். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அவளும் பதில் சொன்னாள். 

கடைசியில் தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். "எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது அத்தியாயம்தான். நூலாசிரியரோட முரண்பாட்ட இதுவரைக்கும் யாருமே கவனிக்கல. இத நூலாக் கொண்டு வாங்க."

பார்க்க வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த மாணவர்களிடமிருந்து கைதட்டல் எழுந்தது. நெறியாளர் மூச்சு விட்டார்.

செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. அந்த நினைப்புதான் அவளை எழுப்பி நிறுத்தியது.

"மன்னிக்கணும் மேடம். அந்த முரண்பாடே இல்ல. அந்த வரி அவங்க எழுதினது இல்ல. முன்னுரைய வேற ஒருத்தர் எழுதியிருக்காரு. நான் பாத்த நகல்ல கடைசிப் பக்கம் விட்டுப்போயிருந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன்."

தேர்வாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பெயரைப் படித்தார். மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"சார், நீங்களா?"

"ஆமா." நெறியாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் புத்தகத்தை மாணவியிடமே திருப்பிக் கொடுத்தார். "இப்ப எப்படி மேற்கோள் காட்டுவீங்க?" என்று கேட்டார்.

"முன்னுரை எழுதினவர் பேர் முதல்ல வரும் மேடம். முன்னுரைன்னு குறிச்சு, அப்புறம் நூலோட பேரு, நூலாசிரியர் பேரு, முன்னுரையோட பக்க எண். நூலுக்குள்ள இருந்து எடுத்ததெல்லாம் அவங்க பேர்லயே தனியா இருக்கும்."

"சரி. ஆனா குறிப்ப மாத்தினா மட்டும் போதாது. அத்தியாயத்தையே மாத்தி எழுதணும். அதுவரைக்கும் பட்டத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியேடி!" சொல்லிவிட்டு, அவளுடைய பையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

புதிய அத்தியாயம் எழுத மூன்று மாதம் பிடித்தது. இப்போது அதில் நூலாசிரியர் எங்கும் தயங்கவில்லை. நூல் ஒன்று சொல்ல, முன்னுரை அதை மறுத்த கதையாக அது மாறியிருந்தது. நெறியாளரின் கையெழுத்துக்காக அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் ஆயிற்று. பிறகு திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. அத்தியாயத்தில் ஒரு கோடுகூட இல்லை. துணைநூற் பட்டியலில் மட்டும், தன் பெயரின் முன்னெழுத்தை அவள் தவறாகப் போட்டிருந்ததைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.